சாட் பெட்டியும் மூன்று பேரும்

எங்கள் சப்போர்ட் குழுவில் மூன்று பேர். சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஒரு மென்பொருளைப் பற்றி வரும் கேள்விகளுக்கு மெயிலில் பதில் சொல்வதுதான் எங்கள் வேலை. தளத்தில் லைவ் சாட் வைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, எந்த விட்ஜெட், மாதம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் விசாரித்தார்கள். விட்ஜெட்டைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை. அவர்கள் தரும் சில வரி ஸ்கிரிப்டைப் பக்கத்தில் போட்டால் வலது கீழ் மூலையில் அந்த வட்டப் பொத்தான் வந்து உட்கார்ந்துவிடும். எனக்கு இருந்த கவலை வேறு. மெயில் போடுகிறவர் சாயங்காலத்துக்குள் பதில் வந்தால் போதும் என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். சாட்டில் எழுதுகிறவரோ திரையைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார். கொஞ்ச நேரம் சத்தமில்லையென்றால் "ஹலோ?" என்பார், அப்புறம் "யாராவது இருக்கிறீர்களா?" என்பார், அதோடு போய்விடுவார்.

அதனால் ஒரு நாளைக்கு எத்தனை சாட் வரும் என்ற கணக்கு எனக்குப் போதவில்லை. ஒரே சமயத்தில் எத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. பழைய மெயில்கள் வந்த நேரத்தை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை குவிந்திருந்தன, மதியத்துக்கு மேல் குறைந்தன. நாள் முழுவதற்கும் சராசரி எடுத்தால் இந்தக் குவியல் கண்ணில் படாது. சாட்டில் ஆளைத் திணறடிப்பது இந்த இரண்டு மணி நேரம்தான்.

உச்ச நேரத்தில் மணிக்கு 6 சாட் வரும், ஒவ்வொன்றும் 12 நிமிடம் ஓடும் என்று வைத்துக்கொண்டேன். வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு: வரும் வேகத்தை, ஒவ்வொருவரும் இருக்கும் நேரத்தால் பெருக்கினால், சராசரியாக எந்த நேரமும் உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்பது கிடைக்கும். ஆறு முறை 12 நிமிடம், மொத்தம் 72 நிமிடம். அதை ஒரு மணி நேரத்துக்கு வகுத்தால் 1.2. ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு சாட்டைச் சமாளிக்கலாம், ஆக ஒரு ஆளே போதும் என்று இந்த எண் சொல்வதுபோல் இருக்கும்.

ஆனால் வருகிறவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருவராக வரிசை பிடித்து வருவதில்லை. கால் மணி நேரம் யாரும் இல்லாமல், அப்புறம் மூன்று பேர் சேர்ந்து வருவார்கள். சராசரி 1.2 என்றால், இப்படித் தற்செயலாக வருகிறவர்களைக் கணக்கிட உதவும் பாய்சான் பரவல்படி மூன்றோ அதற்கு மேலோ ஒரே சமயத்தில் இருக்கும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம். அதாவது அந்த ஒரு மணி நேரத்தில் ஏழு நிமிடம் போல யாரோ ஒருவர் பதிலில்லாமல் நிற்பார். இதுவரைகூட பரவாயில்லை என்று சொல்லலாம். சிக்கல் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இரண்டு சாட்டை ஒன்றாக நடத்தும்போது ஒவ்வொன்றும் 12 நிமிடத்தில் முடியாது. ஒருவருக்குப் பணம் கட்டிய பதிவைத் தேடிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் தன் கேள்வியை இரண்டாவது தடவை கேட்பார். எங்கே விட்டோம் என்று மேலே போய்ப் படிக்க வேண்டும். 12 நிமிடம் 18 ஆகிவிட்டால் சராசரி 1.8. மூன்று பேர் சேர்ந்து நிற்கும் வாய்ப்பு 27 சதவீதத்தை நெருங்கிவிடும், ஏழு நிமிடம் பதினாறு நிமிடமாகும். வருகிற கூட்டம் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். நெரிசல்தான் தானாக இன்னும் நெரிசலை உண்டாக்குகிறது. இந்தக் கணக்கைக் குழுவுக்குக் காட்டியபோதுதான் பேச்சு விட்ஜெட்டின் விலையை விட்டு நகர்ந்தது.

இன்னொன்றும் இருந்தது. மெயில் எண்ணிக்கையை அப்படியே சாட்டுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. மெயில் எழுதுவது ஒரு சிரமம், பலர் அதற்குச் சோம்பிக் கேள்வியை விட்டுவிடுவார்கள். கண் முன்னால் பெட்டி இருந்தால் அவர்களும் கேட்பார்கள். "உதவி வேண்டுமா?" என்று தானாக எட்டிப் பார்க்கும் செய்தியையும் போட்டுவிட்டால் சும்மா பக்கம் பார்க்க வந்தவர்களும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதை முதல் நாளே அணைத்துவிட்டேன். எல்லாப் பக்கத்திலும் வைக்காமல், பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் வைப்பது என்று முடிவு செய்தோம். அங்கே நிற்கிறவருக்குத்தான் உடனடிப் பதில் உண்மையில் தேவை. கார்டு மறுக்கப்பட்டவர், ரசீது வராதவர் எல்லாம் மாலைவரை பொறுக்க மாட்டார்கள். நிரலில் இது சின்ன வேலைதான்:

```html
<script>
  if (location.pathname.startsWith("/billing")) {
    var s = document.createElement("script");
    s.src = "/js/chat-loader.js";
    s.async = true;
    document.head.appendChild(s);
  }
</script>
```

இப்படிச் செய்ததில் மற்ற பக்கங்கள் அந்த ஸ்கிரிப்டின் பாரத்தைச் சுமக்கவில்லை. செல்போனில் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டியிருந்தது: வட்டப் பொத்தான் "பணம் செலுத்து" பொத்தானின் மேலேயே விழுந்தது. கொஞ்சம் மேலே தூக்கி வைத்தோம்.

ஆள் ஏற்பாடு இப்படி: உச்ச நேரத்தில் ஒருவர் சாட்டில் மட்டும் இருப்பார், மெயிலைத் தொட மாட்டார். அவரிடம் இரண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது வந்தால் துணைக்கு ஒருவர் கையிலிருக்கும் மெயிலை நிறுத்திவிட்டு எடுப்பார். மூன்றாமவர் மெயிலிலேயே இருப்பார். மூவரும் நாள் முழுக்க சாட்டையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. எல்லோரும் பார்ப்பார்கள் என்றால், இன்னொருவர் எடுத்திருப்பார் என்று எல்லோரும் நினைப்பார்கள். மெயிலிலும் பாதிப் பதிலில் எழுந்துபோன வேலைதான் மிஞ்சும். மற்ற நேரங்களில் பெட்டி ஒரு படிவமாக மாறி, பதில் மெயிலில் வரும் என்று வெளிப்படையாகச் சொல்லும். ஆளில்லாதபோது பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருப்பதைப்போல வாடிக்கையாளரை எரிச்சலூட்டும் விஷயம் வேறில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனாலே அது எரியும். அதனால் சாட்டுக்கான நேரத்தை விட்ஜெட்டின் அமைப்பிலேயே பூட்டிவிட்டோம், யாரும் கையால் "ஆஃப்லைன்" போட வேண்டிய அவசியம் வைக்கவில்லை.

சமாளிக்கிறோமா என்று தெரிந்துகொள்ள நான் மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். முதல் பதிலுக்கு ஆன நேரத்தில் சராசரியை விட்டுவிட்டு, மிக மோசமான பத்தில் ஒரு பங்கைப் பார்ப்பேன். சராசரி 40 நொடி என்று காட்டும் நாளிலேயே நான்கு நிமிடம் நின்றவர்கள் இருப்பார்கள். இரண்டாவது, உரையாடல்களில் "ஹலோ?" என்று தேடிப் பார்ப்பேன். அந்த ஒரு சொல் வந்த இடமெல்லாம் யாரையோ நிறுத்தி வைத்த இடம். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: பதில் போகாத மெயில்களில் மிகப் பழையது எப்போது வந்தது என்பது. சாட் எண்கள் அழகாக இருந்து, அந்த மெயிலுக்கு மட்டும் நாளுக்கு நாள் வயது கூடினால், சாட்டை நாங்கள் மெயில்காரர்களின் நேரத்தை எடுத்து நடத்துகிறோம் என்று அர்த்தம்.

விற்பனைப் பக்கங்களிலும் வைத்துவிடலாமே என்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான், வாங்க யோசிப்பவர் உடனே கேட்டால் நல்லதுதானே. அந்தப் பக்கங்களுக்கு வருகிறவர்கள் மிக அதிகம் என்பதால் உச்ச நேரத்தில் மணிக்கு 6 என்பது எளிதாக 12 ஆகும். ஒவ்வொன்றும் 18 நிமிடமென்றால் சராசரி 3.6, அதாவது இரண்டு பேர் எப்போதும் சாட்டிலேயே உட்கார வேண்டும். மெயிலுக்கு ஒருவர்தான் மிஞ்சுவார். அந்த ஒருவர் விடுப்பு எடுத்தால் மெயில் அன்றைக்கு நின்றுவிடும். இதை எழுதிக் கொடுத்து, நான்காவது ஆள் வந்து வேலை பழகிய பிறகு ஒரு விற்பனைப் பக்கத்தில் மட்டும், உச்ச நேரம் தவிர்த்து, மதியத்துக்கு மேல் திறந்து பார்க்கலாம் என்றேன். அவரும் சரி என்றார்.