இணைப்பு என்றால் எந்த இணைப்பு?

ஒப்பாரிப் பாடல்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில் நான் அனுப்பிய அஞ்சல்களிலேயே மோசமானது மூன்றே வரிதான். "ஐயா, வணக்கம். இரண்டாம் இயலைத் திருத்திவிட்டேன். இணைப்பைப் பார்க்கவும்." நெறியாளர் பார்த்தார். முதலில் ஏதாவது லிங்க் இருக்கிறதா என்று தேடியிருக்கிறார். லிங்க் இல்லை. அதே அஞ்சல் தொடரில் கொஞ்சம் மேலே `இயல் 2.docx` என்று ஒரு கோப்பு இருந்தது. இதைத்தான் சொல்கிறாள் போலிருக்கிறது என்று திறந்து, அச்செடுத்து, 14 பக்கத்துக்குச் சிவப்பு மையால் திருத்தி வைத்துவிட்டார். அது மூன்று வாரத்துக்கு முந்தைய இயல் 2. அன்று அனுப்பிய புதியதற்கும் அதே பெயரைத்தான் வைத்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. "ரெண்டும் ஒரே பேருல இருந்தா நான் எதைம்மா எடுக்கிறது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தாலே தேவலை.

தமிழில் நமக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அஞ்சலோடு போகும் கோப்பையும் இணைப்பு என்கிறோம், சொடுக்கித் திறக்கும் லிங்க்கையும் இணைப்பு என்கிறோம். எழுதுகிறவருக்கு எதைச் சொல்கிறோம் என்று தெரியும், படிக்கிறவருக்குத் தெரியாது. அதனால் அந்தச் சொல்லைத் தனியாக எழுதுவதையே விட்டுவிட்டேன். கோப்பு போனால் 'கோப்பு' என்றும், லிங்க் போனால் 'லிங்க்' என்றும் எழுதுகிறேன். சுட்டி என்றும் எழுதலாம், ஆனால் எங்கள் துறையில் பாதிப் பேருக்குச் சுட்டி என்றால் மவுஸ்.

அதைவிட முக்கியம், எத்தனை கோப்பு, என்ன பெயர், அதைத் திறந்து அவர் என்ன செய்ய வேண்டும் என்பது அஞ்சலுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் அஞ்சல் இப்படி மாறியது:

"ஐயா, வணக்கம். இரண்டாம் இயலின் திருத்திய படியை அனுப்புகிறேன். இந்த அஞ்சலோடு இரண்டு கோப்புகள் உள்ளன. `Selvi_Iyal2_2024-02-11.docx` என்பது இயல், 38 பக்கம். பக்கம் 12 முதல் 19 வரை மட்டும் புதிதாக எழுதியது, அதைப் பார்த்தால் போதும். `Selvi_Iyal2_2024-02-11.pdf` அதே இயல்தான், செல்பேசியில் படிக்க. முன்பு அனுப்பிய இயல் 2ஐ விட்டுவிடலாம்."

கொஞ்சம் நீளம்தான். ஆனால் கோப்பு ஒன்று விடுபட்டுப் போனால், அது விடுபட்டது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும். 'இரண்டு கோப்புகள்' என்று எழுதியிருக்கிறது, கீழே ஒன்றுதான் இருக்கிறது, போன் செய்வார். வெறுமனே 'பார்க்கவும்' என்று எழுதியிருந்தால், இருக்கிற ஒன்றே எல்லாம் என்று நினைத்துக்கொள்வார்.

கோப்புப் பெயருக்கு வருகிறேன். செல்வி என்பது வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயர். என் கணினியில் இருக்கிறவரை அந்தப் பெயருக்கு வேலையே இல்லை, ஏனென்றால் அங்கே இருப்பதெல்லாம் என்னுடைய கோப்புதான். ஆனால் ஐயாவிடம் ஆறு பேர் ஆய்வு செய்தோம். ஆறு பேரும் `இயல் 2.docx` என்று அனுப்பினால் அவருடைய டவுன்லோட்ஸ் பெட்டியில் `இயல் 2 (1).docx`, `இயல் 2 (4).docx` என்று வரிசையாக நிற்கும். எது யாருடையது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். பெயர் வைப்பது நமக்காக இல்லை, அதை இறக்கி வைத்துக்கொள்ளப் போகிறவருக்காக.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கணினி பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடுக்குகிறது. `11-02-2024` என்று வைத்தால் ஜனவரி 25க்கு முன்னால் பிப்ரவரி 11 போய் உட்கார்ந்துகொள்ளும். ஆண்டு முதலில் வந்தால் பழையது மேலே, புதியது கீழே என்று தானாகவே நிற்கும். `final` என்ற சொல்லை மட்டும் எந்தக் கோப்புக்கும் வைக்காதீர்கள். என்னிடம் `final2_new.docx` வரை போனது, இன்றைக்கும் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பெயரை ஏன் தமிழில் வைக்கவில்லை என்று கேட்பீர்கள், அதுவும் தமிழ்த்துறைக்காரி. வைத்துப் பார்த்தேன். பல இடங்களில் சரியாகவே போகிறது, சில இடங்களில் போய்ச் சேரும்போது பெயர் சிதைந்துவிடுகிறது. லிங்க்கில் நுழைந்தால் ஒவ்வொரு எழுத்தும் நீள்கிறது. 'த' என்ற ஒரே எழுத்து `%E0%AE%A4` ஆகிவிடும். நாலு சொல் பெயர் நாலு வரி ஆகும். உள்ளே தமிழ், பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் என்று சமாதானம் செய்துகொண்டேன். பல்கலைக்கழகப் பதிவு எண்ணைப் பெயரில் சேர்ப்பவர்கள் சாய்கோட்டைக் கவனியுங்கள். விண்டோஸ் அதைப் பெயருக்குள் விடாது, அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போட்டுக்கொள்ளலாம்.

அந்த பிடிஎஃப் ஏன் கூடவே போகிறது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. எங்கள் துறையில் இன்னமும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவர்கள் உண்டு. என் முதல் இயலையும் ஒரு தட்டச்சு மையத்தில் பாமினியில்தான் அடித்து வாங்கினேன். கருத்தரங்கு ஒன்றுக்கு அதிலிருந்து கட்டுரை எடுத்து வேர்டு கோப்பாக அனுப்பினேன். அங்கே இருந்த கணினியில் பாமினி இல்லை. 'தமிழ்' என்ற சொல் அவர்களுக்கு `jkpo;` என்று தெரிந்திருக்கிறது. பத்துப் பக்கமும் அப்படியே. கோப்பு போய்ச் சேர்ந்துவிட்டது, கட்டுரை போய்ச் சேரவில்லை. பிடிஎஃப் ஆக மாற்றும்போது எழுத்துரு உள்ளேயே பதிந்து போகும், அதனால் எங்கே திறந்தாலும் படிக்கலாம். திருத்த வேண்டியவருக்கு வேர்டு, படிக்க மட்டும் வேண்டியவருக்கு பிடிஎஃப். கருத்தரங்குக்காரர்கள் ஒருங்குறியில் கேட்டால் பிடிஎஃப் மட்டும் போதாது, உரையையே ஒருங்குறிக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

அப்புறம், கோப்பை மறந்துவிட்டு அனுப்புவது. 'முதலில் கோப்பைச் சேர், பிறகு கடிதத்தை எழுது, பெறுநர் முகவரியைக் கடைசியில் போடு' என்று ஒரு அக்கா சொல்லிக் கொடுத்தார். நல்ல வழிதான். முகவரி இல்லாத அஞ்சலை அவசரத்தில் அனுப்பவே முடியாது. ஆனால் இதைப் பின்பற்றியே நான் வேறு ஒரு குழியில் விழுந்தேன். கோப்பைச் சேர்த்தேன், கடிதம் எழுதினேன், எழுதும்போதே ஒரு மேற்கோளில் பிழை ஞாபகம் வந்தது. வேர்டில் திறந்து திருத்திச் சேமித்தேன், திரும்பி வந்து அனுப்பிவிட்டேன். போனது பிழையோடு இருந்த படி. அஞ்சலில் சேர்ப்பது நகல் எடுப்பது மாதிரி. சேர்த்த அந்த நிமிடம் எப்படி இருந்ததோ அப்படியேதான் போகும், பிறகு கணினியில் நாம் செய்கிற திருத்தம் அதற்குத் தெரியாது.

அதனால் இப்போது நான் சரிபார்ப்பது கணினியில் இருக்கிற கோப்பை இல்லை, அஞ்சலுக்குள் இருக்கிற கோப்பை. சேர்த்த பிறகு, அஞ்சலின் அடியில் தெரிகிற அந்தப் பெயரைச் சொடுக்கி, அங்கிருந்தே திறந்து, முதல் பக்கத்தையும் கடைசியாகத் திருத்திய பக்கத்தையும் பார்ப்பேன். ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் அந்தக் கோப்பை அஞ்சலிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பேன். அதற்குப் பிறகுதான் முகவரி.

ஜிமெயில் சில சமயம் கோப்பை மறந்துவிட்டீர்களா என்று கேட்கும். அது நாம் எழுதியிருக்கிற சொற்களைப் பார்த்துக் கேட்பது. கடிதத்தில் `I have attached` போல ஏதாவது இருந்து, கோப்பு எதுவுமே இல்லை என்றால்தான் வாய் திறக்கும். மூன்று என்று எழுதிவிட்டு ஒன்றைச் சேர்த்தாலும், தப்பான கோப்பைச் சேர்த்தாலும் அது பேசாமல் இருந்துவிடும். நான் தமிழில் எழுதுகிறவள், அதை நம்பி இருப்பதில்லை. அதைவிடப் பயன்படுவது `Undo Send`. ஜிமெயில் அமைப்பில் 5 நொடியாக இருப்பதை 30 நொடியாக மாற்றிவைத்தேன். விடுபட்டது எனக்குப் பெரும்பாலும் அனுப்பு பொத்தானை அழுத்திய பத்தாவது நொடியில்தான் உறைக்கிறது.

இன்னொன்று, பதில் அனுப்பும்போது முந்தைய அஞ்சலின் கோப்பு கூட வராது, ஃபார்வர்டு செய்தால் வரும். இணை நெறியாளரை நடுவில் சேர்த்துப் பதில் போட்டால், மேலே இருந்த இயல் அவருக்குப் போயிருக்காது. மறுபடியும் சேர்க்க வேண்டும்.

லிங்க் எனக்குத் தேவைப்பட்டது களப்பணிப் பதிவுகளுக்கு. ஒப்பாரி பாடியதை வீடியோ எடுத்தால் சில நிமிடத்திலேயே நூறு எம்பியைத் தாண்டிவிடும். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. அஞ்சலில் போகும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும் என்பதால், நான் 15 எம்பிக்கு மேல் போனாலே டிரைவில் போட்டு லிங்க் அனுப்பிவிடுவேன். இங்கே நடக்கிற தவறு ஒன்றுதான். டிரைவில் புதிதாக ஏற்றிய கோப்பு பெரும்பாலும் `Restricted` என்ற நிலையில் இருக்கும். நமக்குத் திறக்கும், அவருக்கு `You need access` என்று வரும். அனுமதி கேட்டு ஒரு அஞ்சல் நமக்கு வரும், அதை நாம் மறுநாள் பார்ப்போம். லிங்க்கைக் கணக்கில் நுழையாத ஜன்னலில், அதாவது குரோமின் இன்காக்னிட்டோவில், ஒட்டிப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் `Anyone with the link` கொடுத்துவிடாதீர்கள். என் பதிவுகளில் இருப்பவர்கள் சொந்தச் சாவு வீட்டில் அழுதவர்கள். அந்த லிங்க் கைமாறிப் போவதை நான் விரும்பவில்லை. அதனால் நெறியாளருடைய முகவரியை மட்டும் `Viewer` ஆகச் சேர்த்து, கடிதத்தில் 'இந்த லிங்க் உங்கள் இந்த முகவரியில் மட்டும் திறக்கும்' என்று எழுதினேன். அப்படிச் சேர்த்தது அவருக்குத் திறக்குமா என்று இன்காக்னிட்டோவில் சோதிக்க முடியாது, அங்கே அது திறக்கக்கூடாது என்பதுதான் சோதனை. பதிவை மாற்ற வேண்டியிருந்தால் நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றாதீர்கள், பழைய லிங்க் செத்துவிடும். `Manage versions` வழியாகப் புதிய படியை ஏற்றினால் லிங்க் அதேதான். கல்லூரி கொடுத்த கணக்கில் வைப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். படிப்பு முடிந்து கணக்கை மூடினால் அதில் இருந்ததும் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் விடுபடும். போன மாதம் கூட விடுபட்டது. அப்போது 'மன்னிக்கவும், இதோ' என்று கோப்பை மட்டும் அனுப்புவதில்லை. முழுக் கடிதத்தையும் கோப்போடு, அதே தொடரில், எல்லோருக்கும் மறுபடி அனுப்பிவிடுகிறேன். மேலே ஒரே வரி: "சற்றுமுன் அனுப்பியதில் கோப்பு விடுபட்டது, இதை மட்டும் எடுத்துக்கொள்ளவும்."