வெள்ளைச் சட்டைக்குக் கை வைப்பவர்

மார்ச் 8 மகளிர் தினத்துக்காக எங்கள் தையல் கூடத்துப் பலகையில் இந்த முறை யார் பெயருக்கு நேரேயும் வெறுமனே ‘டெய்லர்’ என்று எழுதவில்லை. காலர் வைப்பவர், காஜா போடுபவர், செக்கிங் பார்ப்பவர் என்று அவரவர் திறனை எழுதியிருக்கிறோம். அதில் வெளியே அதிகம் தெரியாதது, பள்ளிச் சீருடைச் சட்டைக்குக் கை வைக்கும் வேலை. அதைச் செய்யும் அக்காவைப் பற்றி ஒரு வரி போதவில்லை.

ஒரு சட்டையின் உடலில் கை பொருந்தும் திறப்பான கைக்குழியின் சுற்றளவு 42 செ.மீ. என்றால், அதில் பொருந்த வேண்டிய கையின் வளைவு 43.5 செ.மீ. இருக்கும். இந்த ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டுப் பிழையல்ல. தோள் உருண்டை மேல் துணி படிய அது வேண்டும். ஆனால் சுருக்கம் தெரியாமல் அதை உள்ளே அடக்க வேண்டும்.

அக்கா சட்டையின் கைத்துணியைக் கீழேயும் உடல் துணியை மேலேயும் வைத்துத் தைக்கிறார். மெஷினின் பல் அடித்துணியை முன்னே தள்ளும். துணியை மேலிருந்து அழுத்தும் பிரஷர் ஃபுட் மேல்துணியைச் சற்றே பிடித்து நிறுத்தும். அதனால் நீளமான துணி கீழே இருந்தால் மெஷினே பாதி வேலையைச் செய்துவிடும். மீதி அவர் விரலில் இருக்கிறது. தோள் தையலுக்கு இரு பக்கமும் இரண்டு விரல் அகலத்தை அப்படியே விட்டுவிடுவார். அங்கே துணியின் இழை நேராக ஓடுவதால் கூடுதலை ஏற்காது, உடனே கொசுவும். அதற்குக் கீழே வளைவு இறங்கும் இடத்தில் இழை குறுக்காகப் போகும், துணி இளகும். கூடுதல் முழுவதும் அங்கேதான் போகிறது. பாலியெஸ்டர் கலந்த வெள்ளைத் துணி பருத்தியைப் போல இஸ்திரிக்கு அடங்காது. தைக்கும்போதே சரியாக அமைந்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் உண்டு. கை கீழேயே இருக்க வேண்டுமானால், ஒரு கையை முன்பக்கத்திலிருந்து தொடங்கினால் மற்றதைப் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்க முடியும். கவனிக்காவிட்டால் கூடுதல் துணி தையல் முடியும் பக்கம் சேர்ந்துவிடும். ஒரு கைக்கு முன்னால், மற்றதற்குப் பின்னால். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரியாகத்தான் தெரியும். ஹேங்கரில் மாட்டினால் ஒரு கை முன்னே திரும்பி நிற்கும். இதைத் தவிர்க்கவே அக்கா துணிகளைப் பொருத்துவதற்காக ஓரத்தில் வெட்டிய சிறு குறியான நாட்ச் ஒவ்வொன்றிலும் நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு, அடுத்த நாட்சைச் சேர்த்துப் பிடிக்கிறார்.

சுருக்கம் விழுந்தால் காரணத்தையும் அவரே சொல்லிவிடுவார். இரண்டு துணியிலும் ஒரே சீராகச் சுருங்கினால் நூல் இறுக்கம் கூடியிருக்கிறது. கைப்பக்கம் மட்டும் என்றால் கூடுதல் ஓரிடத்தில் குவிந்திருக்கிறது. அதனால்தான் அவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் அடிக்கிறோம். ஓவர்லாக் கத்தி ஓரத்தை வெட்டிவிட்டால் பிரித்துத் தைக்க இடமிருக்காது.

பலகையில் அவர் பெயருக்கு நேரே ‘கை வைத்தல், வெள்ளை, எல்லா அளவும்’ என்று இருக்கிறது. அவரிடம் பழகும் தங்கைக்கு ‘பெரிய அளவு மட்டும்’. சின்ன அளவில் கைக்குழி வளைவு இறுக்கம். அதை அடுத்ததாகப் பழகுவார்.