காபன்-14 மூச்சுப் பரிசோதனை: வன்னியிலிருந்து போய்ச் செய்துகொண்ட அனுபவம்

நெஞ்செரிவும் சாப்பிட்டபின் வயிறு ஊதுவதும் எனக்கு நீண்ட காலமாக இருந்தன. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே பெயர்தான், கஸ்ரைற்றிஸ். பாமசியில் ஒமெப்ரசோல் வாங்கிக் காலையில் ஒன்று போடுவோம், அடங்கும், விட்டால் திரும்ப வரும். கிளிநொச்சியில் நான் காட்டிய வைத்தியர்தான் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார். அவர் சொன்ன கிருமி ஹெலிக்கோபக்ரர் பைலோரி. இரைப்பையின் உட்சுவரில், அமிலத்துக்கு நடுவே, குடியிருக்கும் பற்றீரியா. இரத்தப் பரிசோதனையும் உண்டு, ஆனால் அது எதிர்ப்பொருளைத்தான் காட்டும். கிருமி போனபின்னும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் நிற்கும். இப்போது உயிரோடு இருக்கிறதா என்று அறிய மூச்சுப் பரிசோதனை நல்லது என்றார். அது எங்கள் பக்கம் இல்லை, கொழும்புக்குத்தான் போகவேண்டும்.

பரிசோதனையின் அடிப்படை எளிது. இந்தக் கிருமி அமிலத்தில் தாக்குப்பிடிக்க யூரியேஸ் என்ற நொதியத்தை ஏராளமாக உற்பத்தி செய்கிறது. யூரியாவை அது அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் உடைக்கும். அமோனியா கிருமியைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணிக்கும். மனித உடலின் கலங்களுக்கு இந்த நொதியம் கிடையாது. ஆகவே காபனில் அடையாளம் இட்ட யூரியாவை விழுங்கிவிட்டு, சில நிமிடங்களில் அந்த அடையாளம் மூச்சின் காபனீரொட்சைட்டில் வந்தால், இரைப்பையில் யாரோ யூரியாவை உடைத்திருக்கிறார்கள் என்று பொருள். கிருமி இல்லாவிட்டால் யூரியா உடையாமலே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்விடும்.

அந்த அடையாளம் காபன்-14 என்று கேட்டவுடன் வீட்டில் எல்லோருக்கும் பயம் பிடித்தது. "கதிர்வீச்சு மருந்தை விழுங்கப் போறியே?" என்று அக்கா கேட்டா. உயர்தர மாணவர்களுக்கு இரசாயனம் படிப்பிக்கிற எனக்கும் ஒரு உறுத்தல் இருந்தது. அரைவாழ்வுக் காலம் 5,730 ஆண்டுகள். மாத்திரையில் 37,000 பெக்கரல், அதாவது ஒவ்வொரு செக்கனும் 37,000 அணுக்கள் சிதையும். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் பயம் வரும். அதைக் கணக்குப் போட்டே தீர்த்துக்கொண்டேன். அதற்கு முன் தயாரிப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்குப் பரிசோதனை பிழைப்பது அங்கேதான்.

ஒமெப்ரசோல், பன்ரோப்ரசோல் வகை மாத்திரைகளை இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்தவேண்டும். கிருமி தன் உள்ளே யூரியாவை அனுமதிக்கும் கதவு அமிலம் இருக்கும்போதுதான் நன்றாகத் திறக்கும். மாத்திரை அமிலத்தை அடக்கினால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும், கிருமியின் எண்ணிக்கையும் குறையும். கிருமி உள்ளே இருந்தும் மூச்சில் தெரியாது. அன்ரிபயோட்டிக்கும் பிஸ்மத் கலந்த மருந்தும் என்றால் குறைந்தது நான்கு கிழமை இடைவெளி வேண்டும். இங்கே பாமசியில் வெட்டித் தரும் மாத்திரைகளில் பல நேரம் பெயர் தெரியாது. காய்ச்சலுக்கு வாங்கிய கபில உறைக்குள் அமொக்சிசிலின் இருந்தால் கிருமி சாகாது, ஆனால் சில நாட்கள் ஒளிந்துகொள்ளப் போதும். எனவே கடைசி மாதம் என்னென்ன விழுங்கினோம் என்று எழுதி வைத்திருப்பது நல்லது. நிறுத்திய காலத்தில் நெஞ்செரிவு தாங்க முடியாமல் இருந்தது. வைத்தியர் பமொட்டிடின் தந்தார், அதையும் முதல்நாளே நிறுத்தச் சொன்னார்.

இன்னொன்று, வெறும் வயிறு. ஆறு மணிநேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. இரவு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது சிக்கல்தான். சாப்பாட்டுக் கடையில் பஸ் நிற்கும், பக்கத்து இருக்கைக்காரர் கொத்துரொட்டிப் பொதியோடு ஏறுவார். வீட்டில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் கிளிநொச்சியில் ஏறினேன். விடிய இறங்கினால் ஆறு மணிநேரம் தானாகவே ஆகிவிடும்.

மருத்துவமனையில் அதிக நேரம் எடுக்கவில்லை. பெண்கள் என்றால் கர்ப்பமா, பாலூட்டுகிறீர்களா என்று கேட்கிறார்கள். ஆம் என்றால் கதிரியக்கம் இல்லாத காபன்-13 முறைக்கு அனுப்புவார்கள். சிறுபிள்ளைகளுக்கும் அப்படித்தான். எனக்கு ஒரு சிறிய ஜெலற்றின் மாத்திரையும் அரைக் கப் தண்ணீரும் தந்த தாதி, "சேர், கடிக்காம அப்படியே விழுங்குங்கோ" என்று அழுத்திச் சொன்னா. வாயிலும் தொண்டையிலும் யூரியேஸ் உள்ள வேறு பற்றீரியாக்கள் இருக்கின்றன. மாத்திரை வாயில் உடைந்தால் அவை யூரியாவை உடைக்கும், கிருமி இல்லாதவருக்கும் இருப்பதுபோல் காட்டும். முழுதாக விழுங்கினால் இரைப்பையில்தான் கரையும்.

பத்து நிமிடம் காத்திருந்தபின் ஒரு தட்டையான அட்டையை வாயில் வைத்து மெதுவாக ஊதச் சொன்னார்கள். அட்டைக்குள் இருக்கும் இலிதியம் ஐதரொட்சைட்டு காபனீரொட்சைட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போதுமானளவு சேர்ந்ததும் அட்டையின் செம்மஞ்சள் அடையாளம் மஞ்சளாக மாறும். ஊதுவது என்றால் பலூன் ஊதுவதுபோல் இல்லை. மூக்கால் இழுத்து, வாயால் ஆறுதலாக விடவேண்டும். அட்டையின் வழியே மூச்சை உள்ளே இழுக்கக்கூடாது. நிறம் முழுதாக மாறுவதற்குள் நிறுத்தினால் போதிய காபன் சேராது, எண்ணிக்கை குறைந்து காட்டும். அதனால் நிறத்தைப் பார்த்துக்கொண்டே ஊதவேண்டும், களைத்தால் இடையில் நின்று தொடரலாம்.

அட்டையை இரண்டு கைகர்-முல்லர் எண்ணிகளுக்கு நடுவில் வைத்து 250 செக்கன் எண்ணினார்கள். நிமிடத்துக்கு 25க்குக் கீழே என்றால் கிருமி இல்லை, 50க்கு மேலே என்றால் உண்டு, நடுவில் என்றால் முடிவு சொல்ல முடியாது, பிறகு திரும்பச் செய்யவேண்டும். எனக்கு 118.

இந்த 118 ஐ மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. 37,000 பெக்கரல் என்றால் நிமிடத்துக்கு 22 இலட்சம் சிதைவுகள். அதில் கையளவுகூட இல்லாத பங்குதான் அட்டைக்கு வந்து எண்ணப்பட்டது, அதுவே முடிவு சொல்லப் போதுமாக இருந்தது. காரணம், வழக்கமான மூச்சில் காபன்-14 கிட்டத்தட்ட இல்லை. ஒரு இலட்சம் கோடி காபன் அணுக்களில் ஒன்று அளவுதான். எண்ணி ஒவ்வொரு சிதைவையும் தனித்தனியே பிடிக்கிறது. காபன்-13 அப்படியில்லை. இயற்கைக் காபனில் நூறில் ஒன்றுக்கு மேல் அதுதான், அந்தக் கூட்டத்துக்கு மேலாகத் தெரியவேண்டுமென்பதால் பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம் யூரியா கொடுக்கிறார்கள். என் மாத்திரையில் இருந்த காபன்-14 இன் நிறை மைக்ரோகிராமில் கால்பங்குக்கும் குறைவு. 5,730 ஆண்டு அரைவாழ்வை வைத்து இதை உயர்தர மாணவர் எவரும் கணக்கிடலாம்.

சரி, அந்தச் சிறிய நிறை உடலுக்கு என்ன செய்யும்? காபன்-14 சிதையும்போது காமாக் கதிர் வராது, பீற்றா துணிக்கை மட்டும்தான். அதன் சராசரிச் சக்தி 49 கிலோ இலத்திரன்வோல்ற்று. இழையத்துக்குள் அது கால் மில்லிமீற்றர் அளவுதான் போகும். ஆகவே சக்தி முழுவதும் உடலுக்குள்ளேயே விடப்படுகிறது என்று வைத்துக்கொண்டு, ஒரு நாளுக்கு மட்டும் போட்ட கணக்கு இது. மாத்திரை முழுவதும் ஒரு நாள் உடலிலே தங்கிவிட்டது என்று எடுத்தால், 37,000 சிதைவு × 49 கிலோ இலத்திரன்வோல்ற்று × 86,400 செக்கன், ஏறத்தாழ 0.000025 யூல். 60 கிலோ உடலுக்குப் பிரித்தால் 0.4 மைக்ரோ சீவேற். ஒரு கிலோ உடலில் விடப்படும் சக்தியை அளப்பது கிரே, அது உடலுக்குச் செய்யும் தாக்கத்தை அளப்பது சீவேற். பீற்றா துணிக்கைக்கு இரண்டும் ஒன்றுதான், மாற்றவேண்டியதில்லை.

எனவே கேட்கவேண்டியது அரைவாழ்வை அல்ல, அந்தக் காபன் உடலில் எத்தனை நாள் தங்கும் என்பதைத்தான். கிருமி இல்லாதவரில் யூரியா சிறுநீரோடு சில நாட்களில் போய்விடும். அவருக்கு மொத்தம் சுமார் 1 மைக்ரோ சீவேற். கிருமி உள்ளவரில் காபனீரொட்சைட்டு இரத்தத்தின் பைகாபனேற்றோடு கலந்து பெரும்பகுதி மூச்சில் வெளியேறும், சிறு பங்கு கொழுப்பிலும் பிற சேர்வைகளிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் போகும். அவருக்குச் சுமார் 3. சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் அட்டவணையின்படி வரும் அளவுகள் இவை. நிலத்திலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் நமக்கு இயல்பாகக் கிடைப்பது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2,400 மைக்ரோ சீவேற். ஒரு நாளைக்கு ஆறரை. ஆக, கிருமி உள்ளவருக்கு அரை நாள் பங்குக்கும் குறைவு. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 20 அளவில் வரும். சாதாரண மனித உடலில் எப்போதும் 3,000 பெக்கரலுக்கு மேல் காபன்-14 இருக்கிறது என்பதையும் அக்காவுக்குச் சொன்னேன். மாத்திரையில் அதைவிடப் பத்து மடங்கு இருப்பது உண்மை, ஆனால் அது வந்து போய்விடுகிறது, இது நாம் சோறு சாப்பிடும் காலமெல்லாம் நம்மோடு இருக்கிறது.

"பேரப்பிள்ளையைத் தூக்கலாமே?" என்பதுதான் அம்மாவின் கேள்வி. தாராளமாகத் தூக்கலாம். அந்தப் பீற்றா துணிக்கை என் தோலைத் தாண்டி வெளியே வராது. மலசலகூடத்துக்கும் தனி ஏற்பாடு தேவையில்லை.

118 வந்ததால் சிகிச்சை தொடங்கியது: ஒமெப்ரசோல், அமொக்சிசிலின், கிளாரித்ரோமைசின் மூன்றும் சேர்த்து இரண்டு கிழமை. வாய் கசந்தது, வயிறும் கலங்கியது, ஆனாலும் ஒருவேளையும் விடாமல் முடித்தேன். மருந்து முடிந்து நான்கு கிழமைக்குப் பிறகு, ஒமெப்ரசோலும் இல்லாமல், திரும்ப ஊதினேன். எண்ணிக்கை 12. சூழலில் இருக்கும் கதிர்வீச்சால் வெறும் அட்டைக்கும் சில எண்ணிக்கை வரும், ஆகவே பூச்சியம் எதிர்பார்க்கக்கூடாது.

இப்போது மாமாவும் அதே பரிசோதனைக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கிறார். அவருடைய மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்ததில் பன்ரோப்ரசோல் இருந்தது, நேற்றும் போட்டிருக்கிறார். வைத்தியரிடம் கேட்டு, திகதியைத் தள்ளிவைத்திருக்கிறோம்.