பென்சில் கோடு

மார்ச் 4

பாத்ரூம் சீலிங்கில், கதவைத் திறந்ததும் வலது மூலையில், உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை. போன வாரம் அது அங்கே இல்லை. அந்த மூலையில்தான் ஒட்டடை அடித்தேன், நன்றாக நினைவிருக்கிறது.

அம்மா வர இன்னும் 25 நாள்.

மார்ச் 5

ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டுப் பார்த்தேன். ஈரம். பெயின்ட் தூளாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. கறையின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதினேன். போட்டோவும் எடுத்தாயிற்று. "சீலிங்கில் போய்க் கிறுக்கிவைத்திருக்கிறாயே" என்றான் தம்பி. கிறுக்கல் இல்லை. நாளைக்கு யாராவது "அது பழைய கறை" என்று சொல்லிவிட்டால் காட்டுவதற்கு எனக்கு வேறென்ன இருக்கிறது?

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். நாங்கள் வெந்நீரில் குளிக்கும் ஆவி சீலிங்கில் படிந்து நிற்கிறதோ? மேல்வீட்டாரிடம் போவதற்கு முன்னால் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கறையின் ஓரமாக ஓர் இடத்தைத் துடைத்து, ஹேர் டிரையரால் உலர்த்தி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். காற்றிலிருந்து வரும் ஈரம் என்றால் தாளின் வெளிப்பக்கம் நனையும். மேலிருந்து இறங்குவது என்றால் தாளுக்கும் சீலிங்குக்கும் நடுவே முத்து முத்தாக நிற்கும்.

மார்ச் 6

நடுவே.

மார்ச் 7

சொட்ட ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 8

காலையில் ஒரு சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பூச்சு மெல்லிய கோடாக விரிசல் விட்டிருக்கிறது. அந்தக் கோட்டின் நுனியில் தண்ணீர் முதலில் பளபளப்பாக மட்டும் தெரிகிறது. அப்புறம் உருண்டு, கனத்து, கொஞ்சம் நீண்டு, விழுகிறது. அடுத்தது 11 விநாடியில். விரிசலின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூக்க ஆரம்பித்திருக்கிறது. தண்ணீர் சிமென்ட் வழியாக இறங்கி வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

விளக்கு அந்தக் கறையிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. நேற்று ராத்திரி அது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? தண்ணீர் விளக்கின் பெட்டிக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்ததும் கை நடுங்கிவிட்டது. பாத்ரூமுக்குப் போகும் மின்சாரத்தை மெயின் பெட்டியிலேயே அணைத்துவிட்டேன். எலெக்ட்ரீஷியன் வந்து விளக்கைக் கழற்றி, ஒயர் நுனிகளை மூடிவிட்டுப் போனார். கசிவு நின்று சீலிங் நன்றாகக் காயும்வரை போடக் கூடாதாம். பேட்டரி விளக்கில் குளிக்கிறோம்.

கீழே வாளி. தரை எப்போதும் ஈரம். அம்மா வாக்கரோடு வரப்போகிற தரை அது.

மார்ச் 9

பெயின்டர் ஒருவரை அழைத்துவந்தான் தம்பி. கீழிருந்தே ஒரு வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்தால் கறை போய்விடும் என்கிறார். நான் சம்மதிக்கவில்லை. கீழே அடைத்தால் மேலே வருகிற தண்ணீர் நின்றுவிடுமா? தளத்துக்குள்ளேயே தேங்கி, வேறு எங்காவது வழி தேடும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும், அப்புறம் கான்கிரீட்டே பெயர்ந்து விழும். மூட வேண்டிய வழி மேலே இருக்கிறது. அதற்கு மேல்வீட்டுக் கதவு திறக்க வேண்டும்.

ராத்திரி கடிதம் எழுத உட்கார்ந்தேன். "உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் கொட்டுகிறது" என்று ஆரம்பித்தேன். எழுதும்போதே டிசம்பரில் மேல்வீட்டாரோடு வந்த மனஸ்தாபமெல்லாம் பேனாவில் ஏறிக்கொண்டது. கிழித்துவிட்டேன்.

மார்ச் 10

கோட்டைத் தாண்டி நான்கு விரல் அகலம். இரண்டாவது கோடு போட்டேன்.

மார்ச் 12

மூன்று நாளாக நேரம் குறித்தேன். மேலே காலை ஆறே காலுக்குத் தண்ணீர் ஓடும் சத்தம், ஆறரை வரை. ஏழு மணி வாக்கில் இங்கே சொட்டு வேகமாகிறது. மதியத்துக்குள் நிமிடத்துக்கு ஒன்று. சாயங்காலம் நின்றுவிடுகிறது. நடுராத்திரி அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன்: வாளியில் சத்தமே இல்லை. மூன்று நாளும் இதே கதைதான். ராத்திரி மேலே ஃப்ளஷ் செய்கிற சத்தம் கேட்கும்போதும் இங்கே ஒன்றும் ஆவதில்லை.

குழாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் பைப் உடைந்திருந்தால் இப்படி இருக்காது. அதில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும், ஆள் தூங்கினாலும் அது கசியும். குளித்த பிறகுதான் வருகிறது என்றால் ஒன்று கழிவுநீர் போகும் வழி, இல்லையென்றால் தரை. தரை என்றால் டைல்ஸ் இடுக்கும் அதன் அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங்கும். கழிவுநீர் வழி என்றால் தரையில் ஜல்லடை மூடிக்குக் கீழே இருக்கும் ட்ராப்பும் அது பைப்போடு சேரும் மூட்டும். இதற்கு மேல் கீழே நின்றுகொண்டு யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்கிறேன். குற்றம் சொல்வதற்காக இல்லை. இதை எப்படிக் கடிதத்தில் கொண்டுவருவது?

மார்ச் 13

ஐந்தாவது முறை எழுதியது இது. இதைத்தான் கொடுத்தேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். எங்கள் பாத்ரூம் சீலிங்கில் மார்ச் 4 முதல் நீர்க்கசிவு இருக்கிறது. 7ஆம் தேதி முதல் சொட்டுகிறது. தேதி போட்ட போட்டோக்களை இத்துடன் வைத்திருக்கிறேன். பாதுகாப்புக்காக விளக்கைக் கழற்றிவிட்டோம்.

காலையில் மேலே தண்ணீர் புழங்கி அரை மணி நேரத்தில் சொட்டு அதிகமாகிறது, இரவில் நின்றுவிடுகிறது. காரணம் எது என்று எங்களால் கீழிருந்து சொல்ல முடியவில்லை. உங்கள் தரை காய்ந்தே இருக்கலாம். டைல்ஸுக்கு அடியில் போகும் தண்ணீர் மேலே தெரியாது.

ஒரு பிளம்பரோடு வந்து உங்கள் பாத்ரூமைப் பார்க்க அனுமதி கேட்கிறேன். முதல் நாள் அரை மணி நேரம் போதும். எதையும் உடைக்க மாட்டோம். 18ஆம் தேதி மாலையோ 19ஆம் தேதி காலையோ உங்களுக்கு வசதிப்படுமா? வேறு நாள் என்றாலும் சரி. பார்க்கும்போது நீங்களும் உடன் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். செலவு பற்றிக் காரணம் தெரிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

29ஆம் தேதி என் அம்மா வருகிறார். அவர் நடக்கும் தரை ஈரமாக இருக்கக் கூடாது என்பதுதான் என் அவசரம்.

இதன் நகலைக் குடியிருப்போர் சங்கத்திடம் கொடுத்திருக்கிறேன், பதிவுக்காக மட்டும்."

"பதிவுக்காக மட்டும்" என்பதை மூன்று தடவை அடித்து மூன்று தடவை திரும்பச் சேர்த்தேன். கதவுக்கு அடியில் தள்ளிவிடாமல் மணி அடித்துக் கையிலேயே கொடுத்தேன். மேல்வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 14

பதில் இல்லை.

மார்ச் 15

பதில் இல்லை. மூன்றாவது கோடு. பூச்சு பொருமித் தொங்குகிறது. கீழே நின்று பல் தேய்க்கவே பயமாக இருக்கிறது.

நகலைச் சங்கத்துக்குக் கொடுத்தது தப்போ? மிரட்டுவதாக நினைத்துவிட்டார்களோ? ராத்திரி முழுக்க அந்த ஒரு வரிதான் மனதில் ஓடியது.

மார்ச் 16, ஞாயிறு

மேல்வீட்டு அம்மாவே இறங்கி வந்தார்.

"எங்க தரையில ஒரு பொட்டு ஈரம் கிடையாதும்மா. நீங்க என்னவோ எழுதியிருக்கீங்க" என்றார். கோபமாகத்தான் இருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் பேட்டரி விளக்கைக் கொடுத்து உள்ளே கூட்டிப்போனேன். மூன்று கோடுகளையும் தேதிகளையும் பார்த்தார். ஒரு சொட்டு அவர் தோளில் விழுந்தது. புடவையைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரச் சொல்லுங்க. அவரும் இருப்பார்" என்றார். படியேறும்போது திரும்பி, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். டிசம்பருக்கு அப்புறம் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

மார்ச் 18

பார்த்தாயிற்று. முதலில் அவர்கள் வீட்டு எல்லாக் குழாயையும் மூடச் சொன்னார் பிளம்பர். ஃப்ளஷ் தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து மீட்டரைப் பார்த்தோம். தண்ணீர் ஓடும்போது அதில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அரை மணி நேரம் அசையவில்லை. வரும் பைப்பில் பழுது இல்லை.

நீலச் சாயம் கலந்து ஊற்றிப் பார்க்கலாமா என்று அந்த ஐயா கேட்டார். நீலமாக இறங்கினால் சந்தேகமே இல்லை, ஆனால் இறங்காவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் பிளம்பர். கான்கிரீட்டையும் மண்ணையும் கடந்து வரும்போது சாயம் உள்ளேயே தங்கிவிடுமாம். அதனால் தரையில் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பழைய ஈரம் வடிய வேண்டும், இல்லையென்றால் எது புதுத் தண்ணீர் என்று தெரியாது. மூன்று நாள் அந்தப் பாத்ரூமைப் புழங்க மாட்டோம், இன்னொன்று இருக்கிறது என்றார் அந்த அம்மா. நான் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார்.

மார்ச் 20

வாளி காலி. இன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 21

காலை எட்டு மணி. ட்ராப்பின் வாயை ரப்பர் அடைப்பான் வைத்து இறுக்கிவிட்டு, வாசற்படி விளிம்பைத் தாண்டாமல் தரை முழுக்க ஓர் அங்குலத் தண்ணீர் நிறுத்தினார் பிளம்பர். மூன்று சதுர மீட்டர் தரைக்கு அதுவே 75 லிட்டர். சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு வந்தேன். இந்தக் கோட்டை அவர்கள் வீட்டிலேயே போட்டேன்.

மதியம்: காய்ந்திருக்கிறது. ராத்திரி பத்து: காய்ந்திருக்கிறது. ராத்திரி இரண்டு: காய்ந்திருக்கிறது.

மார்ச் 22

24 மணி நேரம் ஆயிற்று. மேலே மட்டம் கோட்டிலேயே நிற்கிறது. இங்கே ஒரு சொட்டும் இல்லை. தரையில் பழுது இல்லை, டைல்ஸ் முழுக்கப் பெயர்க்க வேண்டியதில்லை. அந்த ஐயாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அவர்கள் பயந்ததே அதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எட்டே காலுக்குப் பிளம்பர் அடைப்பானை எடுத்தார். தேங்கியிருந்த அத்தனை தண்ணீரும் ட்ராப்புக்குள் சுழன்று இறங்கியது. நான் ஓடிவந்து ஸ்டூலில் ஏறி நின்றேன். எட்டு ஐம்பதுக்கு அதே விரிசலின் நுனி பளபளத்தது.

ட்ராப் பைப்போடு சேரும் மூட்டு.

மார்ச் 23

ட்ராப்பைச் சுற்றி ஓர் அடி மட்டும் உடைத்து, மூட்டை மாற்றி, சுற்றிலும் வாட்டர்ப்ரூஃபிங் செய்வதாகத் திட்டம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் மறுபடியும் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும் என்று நானும் சொன்னேன், அந்த அம்மாவும் சொன்னார். இங்கே சீலிங் காய வாரக்கணக்கில் ஆகும், அதற்கு முன்னால் பெயின்ட் அடிக்கக் கூடாது. அடிக்காவிட்டால் என்ன, தரை காய்ந்திருந்தால் போதும்.

இன்னும் 6 நாள்.

மார்ச் 24

ஒன்பது மணி. மேலே உளிச் சத்தம் கேட்கிறது.