கார் திரையும் என் போனும்: வயரில்லாமல் இணைத்த நாட்கள்

மார்ச் 3

போனின் மேப்பையும் பாட்டையும் கார் திரைக்குக் கொண்டுவரும் ஆண்ட்ராய்டு ஆட்டோ என் காரில் இருக்கிறது, ஆனால் வயர் போட்டால்தான் வரும். இன்று ஒரு வயர்லெஸ் அடாப்டர் வாங்கி யூஎஸ்பி போர்ட்டில் சொருகினேன். காரில் இரண்டு போர்ட் உண்டு. ஒன்று சார்ஜுக்கு மட்டும், அதில் சொருகினால் விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. வழக்கமாக வயரை மாட்டும் போர்ட்டுக்கு மாற்றியதும் வந்துவிட்டது.

போனின் ப்ளூடூத் பட்டியலில் அடாப்டரின் பெயர் தெரிந்தது. அதோடு போனை இணைத்து, கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்தேன். அரை நிமிடத்தில் மேப் கார் திரைக்கு வந்தது. இதில் ப்ளூடூத்துக்கு அறிமுகம் செய்து வைக்கும் வேலைதான். அதன் வழியாக அடாப்டரின் வைஃபை விவரம் போனுக்குக் கிடைக்கிறது. அப்புறம் படமும் பாட்டும் வைஃபையில்தான் போகின்றன. அடாப்டரின் ஆப்பில் அந்த வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். 2.4-இல் இருந்தால் ப்ளூடூத்தும் அதே அலைவரிசையில் வந்து இடிக்கும்.

மார்ச் 5

வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் மேப் திக்கித் திக்கி நகர்கிறது. தொட்டால் இரண்டு நொடி கழித்துத்தான் அசைகிறது. தெருமுனை தாண்டியதும் சரியாகிவிடுகிறது. மாலையில் அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது இந்தத் தொல்லையே இல்லை.

அடாப்டரில் கோளாறு என்றால் இரண்டு இடத்திலும் திக்க வேண்டும். ஆகவே வீட்டு வைஃபை மேல் சந்தேகம் வந்தது. சில போன்கள் வீட்டு வைஃபையை விடாமல் பிடித்துக்கொண்டே காரின் வைஃபையிலும் இருக்கப் பார்க்கும். இரண்டும் வேறு வேறு சேனலில் இருந்தால், போனின் ஒரே வைஃபை ரேடியோ இங்கும் அங்கும் மாறி மாறி ஓட வேண்டியிருக்கும். வாசலில் வீட்டுச் சிக்னல் பலவீனமாக இருப்பதால் அதற்கே நிறைய நேரம் போய்விடும்.

மார்ச் 6

போனில் வைஃபையை அணைத்துப் பார்த்தேன், கார் இணைப்பும் சேர்ந்தே போய்விட்டது. அது போகத்தான் செய்யும். சரியான வழி, வைஃபையை அப்படியே விட்டுவிட்டு வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் தானாக இணைவதை நிறுத்துவது. நிறுத்திவிட்டு இரண்டு முறை வாசலிலிருந்து கிளம்பிப் பார்த்தேன். மேப் தண்ணீர் போல ஓடியது. வீட்டுக்குள் வந்ததும் வைஃபையை நானே தொட்டு இணைக்க வேண்டும், பரவாயில்லை.

மார்ச் 9

இன்று பாட்டு விட்டு விட்டுக் கேட்டது. திரையைக் கவனித்தேன். மேப் தங்குதடையில்லாமல் நகர்கிறது, சத்தம் மட்டும் ஒரு நொடி அறுந்து திரும்புகிறது. வைஃபை தடுமாறினால் படமும் சேர்ந்து உறையும். படம் நன்றாக இருக்கும்போது சத்தம் மட்டும் அறுந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

காரின் சொந்த ப்ளூடூத்தோடும் என் போன் இணைந்திருந்தது. அழைப்புகளுக்கு அது வேண்டும். ஆனால் பாட்டுக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. போனில் ஏதாவது அறிவிப்புச் சத்தம் வந்தால் கார் ப்ளூடூத் பக்கம் தாவிவிட்டுத் திரும்பும், அந்த இடைவெளியில் பாட்டு அறுந்தது. போனின் ப்ளூடூத் அமைப்பில் காரின் பெயரைத் திறந்து `Media audio` என்பதை மட்டும் அணைத்தேன். `Calls` அப்படியே இருக்கிறது. நண்பரை மெசேஜ் அனுப்பச் சொல்லிச் சோதித்தேன். ஐந்து மெசேஜ் வந்தும் பாட்டு அறுபடவில்லை.

மார்ச் 14

நீண்ட பயணம். நாற்பது நிமிடம் கழித்துத் திரை சட்டென்று காரின் முகப்புக்குப் போய்விட்டது. இப்படி நடந்தால் முதலில் அடாப்டரின் விளக்கைப் பார்க்க வேண்டும். அது அணைந்து மறுபடி எரிந்தால் மின்சாரமோ வயரோ விட்டுப்போகிறது. என்னுடையது எரிந்துகொண்டே இருந்தது, எனவே குற்றம் போன் பக்கமாக இருக்கலாம்.

வண்டியை ஓரம் கட்டி, போனில் ஆண்ட்ராய்டு ஆட்டோவின் பேட்டரிக் கட்டுப்பாட்டை `Unrestricted` என மாற்றினேன். அரை மணி நேரத்தில் மறுபடி அறுந்தது. போனைக் கையில் எடுத்தால் சுடுகிறது! வயர்லெஸ் சார்ஜிங் தட்டில், கண்ணாடி வழியாக விழும் வெயிலில், மேப்பும் வைஃபையும் ஓடிக்கொண்டே கிடந்திருக்கிறது. சூடு ஏறினால் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தட்டிலிருந்து எடுத்து ஏசி காற்று படும் இடத்தில் வைத்தேன்.

மார்ச் 15

திரும்பும் வழியில் இரண்டரை மணி நேரம் ஒரு முறைகூட அறுபடவில்லை. சார்ஜ் குறைந்தபோது போனுக்கு வயர் போட்டேன், சூடு அவ்வளவாக ஏறவில்லை. அடுத்த பாட்டுக்குத் தாவும்போது வயரில் இருந்ததைவிடச் சிறு தாமதம் இன்னும் இருக்கிறது. அடாப்டர் தரவைச் சேர்த்து வைத்து அனுப்புவதால் அது எப்போதும் இருக்கும், எந்த அமைப்பை மாற்றியும் முழுதாகப் போகாது.