பீரோ சாவி என்னிடம் இருந்த நாள்

ஜூன் 9, திங்கள், இரவு 11

இன்று வேலைக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. விடியற்காலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். மருத்துவமனை, எக்ஸ்ரே, மணிக்கட்டில் மாவுக்கட்டு. மதியமே வீட்டுக்கு வந்துவிட்டோம். போன் நாள் முழுக்க கைப்பையில் சைலண்டில் கிடந்தது. எடுத்துப் பார்த்தது சாயங்காலம்தான். 14 மிஸ்டு கால்.

அதே பையில் சாம்பிள் பீரோ சாவியும் கிடந்தது. இன்று 4,800 டி-ஷர்ட்டுக்கு பையர் தரப்பு இன்ஸ்பெக்‌ஷன். சீல் போட்ட அப்ரூவ்டு சாம்பிளும் கையெழுத்தான அளவுத் தாளும் பீரோவுக்குள். அவை இல்லாமல் பீஸை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்? வந்தவர் பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பிவிட்டாராம்.

மேனேஜர் சாரின் மெயில், ஒன்பது பேருக்கு நகலோடு: “பொறுப்பு என்றால் என்னவென்று தெரியுமா? இது மூன்றாவது முறை.” கை நடுங்கியது. இப்போதைக்கு இரண்டு வரி மட்டும் அனுப்பினேன்: “மெயில் பார்த்தேன் சார். காலை எட்டரைக்குள் சாவியோடு வருகிறேன், விவரமாக அப்போது எழுதுகிறேன்.” அதற்குப் பிறகும் தூக்கம் வராமல் ஒரு நீளமான பதிலை எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தேன். பாதிக்கு மேல் அம்மாவைப் பற்றி. “வருந்துகிறேன், ஆனால்” என்று மூன்று இடத்தில். “மாற்றுச் சாவி வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை” என்று ஒரு வரி. அது உண்மைதான். இந்த மெயிலில் அதைச் சொன்னால் பழியைத் தள்ளிவிடுவதாகத்தான் படும். எல்லாவற்றையும் அழித்தேன்.

“மூன்றாவது முறை” என்பது சரியில்லை. ஏப்ரலில் எடுத்தது எழுதிக் கேட்டு வாங்கிய லீவு. விரல் துறுதுறுத்தது. ஆனால் அந்தக் கணக்கைத் தொட்டால் பேச்சு ஏப்ரலுக்குப் போய்விடும், திங்கட்கிழமை அப்படியே நிற்கும். விட்டுவிட்டேன்.

முதலில் போய் பீரோவைத் திறந்து கொடுத்தேன். பதில் அதற்குப் பிறகுதான்:

“சார், நேற்று நான் சொல்லாமல் வேலைக்கு வரவில்லை. போன் கையில் இருந்தும் அழைக்கவில்லை. சாவி என்னிடம் இருந்ததால் இன்ஸ்பெக்‌ஷன் நின்றுபோனது. பேக்கிங்கில் எல்லோரும் அரை நாள் காத்திருந்தார்கள், வந்தவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. தவறு என்னுடையது. மன்னிக்க வேண்டும்.

சாம்பிளையும் அளவுத் தாளையும் இன்று 8.20-க்கு கியூ.ஏ.விடம் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமைக்கு மறு இன்ஸ்பெக்‌ஷன் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன். இனி இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தைய மாலையே இவை கியூ.ஏ. மேஜைக்குப் போய்விடும். வர முடியாத நாளில் காலை 7.30-க்குள் உங்களை அழைப்பேன். நேற்றைய நாளை எந்த லீவில் பதிய வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.”

“இனி ஒருபோதும் நடக்காது” என்று முதலில் எழுதியிருந்தேன். அம்மா மறுபடி விழமாட்டார் என்று நான் எப்படி எழுதிக் கொடுக்க முடியும்? என் கையில் இருப்பது ஏழரை மணி போன் மட்டும். அதை எழுதினேன்.

இதை ஒன்பது பேருக்கும் அனுப்பினேன். காத்திருந்தவர்களும் அவர்கள்தானே. அம்மா விஷயத்தை சாருக்கு மட்டும் தனியாக: “நேற்று அம்மா விழுந்ததால் மருத்துவமனையில் இருந்தேன். தகவலுக்காக மட்டும் சார். சொல்லாமல் இருந்ததற்கு அது காரணமில்லை.” இதையும் மறைத்திருக்கலாம். நாளைக்கு வேறு யாராவது சொல்லித் தெரிந்தால், தன்னைத் திட்டவிட்டு வேடிக்கை பார்த்தாள் என்று அவருக்குத் தோன்றும். அது நியாயமில்லை.

பதிலாக ஒரே சொல் வந்தது: “சரி.”

ஜூன் 11, புதன்

வியாழக்கிழமை உறுதியாகிவிட்டது. உடனே சாருக்கு எழுதினேன். சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைப் பக்கம் வந்து, “அம்மாவுக்குக் கை எப்படி இருக்கு?” என்றார். “வலி குறைஞ்சிருக்கு சார்” என்றேன். வேறு எதுவும் பேசவில்லை.

ஜூன் 12, வியாழன்

200 பீஸ் எடுத்துப் பார்த்தார்கள். பெரிய குறை பத்து வரை ஏற்பார்கள், பதினொன்று வந்தால் மொத்த லாட்டும் திரும்பிவிடும். ஆறுதான் வந்தது. பாஸ். மறு இன்ஸ்பெக்‌ஷன் கட்டணம் கம்பெனி தலையில்தான் விழுந்தது. அது என்னால் வந்த செலவு. ரிப்போர்ட்டை அனுப்பும்போது அந்தத் தொகையையும் ஒரு வரியில் எழுதிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

திங்கட்கிழமையைச் சம்பளமில்லா விடுப்பாகப் பதிந்திருக்கிறார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டில் ஏப்ரல் லீவும் ‘தகவல் இல்லை’ என்றே இருந்தது. சார் சொன்ன மூன்றாவது முறை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அவர் அனுமதி கொடுத்த பழைய மெயிலை வைத்து, அந்த ஒரு நாளை மட்டும் திருத்தச் சொல்லி ஹெச்.ஆருக்கு எழுதினேன். திங்கட்கிழமையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

சாயங்காலம் சாரிடம் கேட்டு, மாற்றுச் சாவி ஒன்று செய்து வாங்கி கியூ.ஏ. டிராயரில் போட்டுவிட்டேன்.