அமோனியா–pH கேள்வி: 178 என்ற ஓர் எண்ணை வைத்து எழுதிய விடை

முடிவு வந்துவிட்டது, நீர் வேதியியல் தாள்தான் என்னைக் கரை சேர்த்திருக்கிறது. அந்தத் தாளுக்கு எப்படிப் படித்தாய் என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். பாடத்திட்டம், மதிப்பெண் பங்கீடு எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு கேள்வி: மீன்தொட்டியில் pH ஏறினால் அமோனியாவின் நச்சுத்தன்மை ஏன் கூடுகிறது? இதில் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் பெரும்பாலானவர்கள் பாதி விடையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எனக்கு அட்டவணை மனப்பாடம் ஆகாது. ஒரு தொடர்பு புரிந்துவிட்டால் எண்களைத் தாளிலேயே வருவித்துக்கொள்வேன். அட்டவணையை அப்படியே மனதில் வைத்திருக்க முடிகிறவர்களுக்கு இந்த வழி சுற்றுவழியாகத் தோன்றலாம். ஆனாலும் படித்துப் பாருங்கள்.

முதலில் சமன்பாடு. விடையின் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்:

NH₄⁺ ⇌ NH₃ + H⁺

மீன் கழிவிலிருந்தும் மட்கும் தீவனத்திலிருந்தும் வரும் அமோனியா தண்ணீரில் இந்த இரண்டு வடிவங்களிலும் கலந்தே இருக்கும். pH உயர்கிறது என்றால் தண்ணீரில் H⁺ குறைகிறது. வலப்பக்கத்தில் ஒன்று குறைந்தால் சமநிலை அந்தப் பக்கம் நகரும். அமோனியம் தன் புரோட்டானை விட்டுவிட்டு NH₃ ஆகும். இங்கே ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்: மொத்த அமோனியா கூடவில்லை, அது இருக்கும் வடிவம்தான் மாறியது. 'pH ஏறினால் அமோனியா அதிகம் உற்பத்தியாகும்' என்று எழுதினால் விடை அங்கேயே தவறிவிடும்.

இனி நான் நம்பியிருந்த எண். 25 டிகிரி செல்சியஸில் நன்னீரில் இந்தச் சமநிலையின் pKa ஏறக்குறைய 9.25. அதாவது pH 9.25 ஆக இருக்கும்போது இரண்டு வடிவங்களும் சரிபாதி. pH 7 என்றால் வித்தியாசம் 2.25. 10-இன் அடுக்கு 2.25 என்பது 178. ஆகவே pH 7-இல் ஒரு NH₃ மூலக்கூறுக்கு 178 அமோனியம் அயனிகள். pH ஒன்று ஏறும்போதெல்லாம் இந்த எண்ணில் தசமப் புள்ளி ஓரிடம் இடப்பக்கம் தள்ளிப்போகும். அவ்வளவுதான் கணக்கு:

- pH 6: 1780-க்கு 1
- pH 7: 178-க்கு 1
- pH 8: 17.8-க்கு 1
- pH 9: 1.78-க்கு 1
- pH 10: 0.178-க்கு 1

அரை pH வந்தால் 562-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். pH 6.5-இல் 562, 7.5-இல் 56, 8.5-இல் 5.6. இடையில் 0.3 வித்தியாசம் வந்தால் இரண்டால் பெருக்கலாம் அல்லது வகுக்கலாம். மடக்கை அட்டவணை இல்லாமலேயே எந்த pH-க்கும் போதுமான அளவு துல்லியம் கிடைத்துவிடும்.

நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்த படியை. பல குறிப்புகளில் 'pH ஒன்று ஏறினால் நச்சு அமோனியா 10 மடங்கு' என்று ஒற்றை வரியில் எழுதிவைத்திருக்கிறார்கள். படிக்கிறவர்கள் அதை அப்படியே விடைத்தாளில் எழுதுகிறார்கள். 10 மடங்கு மாறுவது விகிதம். மீனைப் பாதிப்பது விகிதம் இல்லை, மொத்தத்தில் NH₃-இன் பங்கு. பங்கு வேண்டுமென்றால் விகிதத்தோடு ஒன்றைக் கூட்டி, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். pH 7-இல் 1/179, அதாவது 0.56 சதவீதம். pH 8-இல் 1/18.8, அதாவது 5.3 சதவீதம். இதுவரை கிட்டத்தட்ட 10 மடங்குதான். ஆனால் pH 9-இல் 1/2.78, அதாவது 36 சதவீதம். 8-லிருந்து 9-க்கு ஏறியது 7 மடங்குகூட இல்லை. pH 10-இல் 85 சதவீதம், அதாவது முந்தையதைப் போல் இரண்டரை மடங்குக்கும் குறைவு. pKa-வை நெருங்க நெருங்க வளைவு படுத்துக்கொள்ளும். 10 மடங்கு என்ற விதி pKa-வுக்கு வெகு கீழே மட்டுமே செல்லும் என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அந்த வளைவைச் சின்னதாக வரைந்துவிடுங்கள். எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது இந்தப் பகுதிதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, NH₃ மட்டும் ஏன் ஆபத்து? அதற்கு மின்னூட்டம் இல்லை. செவுளின் செல் சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னூட்டம் இல்லாத சின்ன மூலக்கூறு அதைக் கடந்துவிடும், NH₄⁺ அவ்வளவு எளிதில் கடக்காது. பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் இன்னொரு பாதி இருக்கிறது. மீன் தன் உடலில் உண்டாகும் அமோனியாவை வெளியேற்றுவதும் அதே செவுள் வழியாகத்தான். உள்ளே NH₃ அதிகம், வெளியே குறைவு என்ற சரிவு இருந்தால் அது தானாக வெளியே வரும். செவுளை ஒட்டிய மெல்லிய நீரடுக்கு, மீன் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடால் சற்று அமிலமாக இருக்கும். வெளியே வந்த NH₃ அங்கே ஒரு புரோட்டானைப் பிடித்து NH₄⁺ ஆகிவிடுவதால் திரும்ப உள்ளே போக முடியாது. தொட்டியின் pH உயர்ந்தால் இந்தப் பிடிப்பு தளர்கிறது, வெளியிலும் NH₃ கூடுகிறது, சரிவு குறைந்து ஒரு கட்டத்தில் திசை மாறிவிடுகிறது. வெளியிலிருந்து நஞ்சு நுழைவதற்கு முன்பே, மீனின் சொந்தக் கழிவே அதன் இரத்தத்தில் தேங்கத் தொடங்குகிறது. ஒரே சமநிலை மீனுக்கு இரண்டு பக்கமும் கெடுதல் செய்கிறது. அந்த இடத்தைப் படித்தபோது எனக்குப் பாடமே பிடித்துப்போனது.

கணக்குக் கேள்வியாக வந்தால் பெரும்பாலும் 'பழைய தொட்டி' பிரச்சினையாகத்தான் வரும். ஒன்றை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

நெடுநாள் தண்ணீர் மாற்றாத தொட்டி. மொத்த அமோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராம், pH 6.5, வெப்பநிலை 25 டிகிரி. மீன்கள் நீந்திக்கொண்டுதான் இருக்கின்றன. பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, காரத்தன்மை மிகுந்த புதுத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். கலந்த பிறகு pH 7.8. அமோனியா பாதியாகக் குறைந்தும் சற்று நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறுகின்றன. ஏன்?

முதலில் இருந்த நிலை: pH 6.5-இல் விகிதம் 562. பங்கு 1/563, அதாவது 0.18 சதவீதம். 4 மில்லிகிராமில் NH₃ சுமார் 0.007 மில்லிகிராம்.

மாற்றிய பின்: மொத்தம் 2 மில்லிகிராம். pH 7.5-இல் விகிதம் 56, 0.3 கூடியதால் பாதி, 28. பங்கு 1/29, அதாவது 3.4 சதவீதம். NH₃ சுமார் 0.07 மில்லிகிராம்.

மொத்த அமோனியா பாதியானது, நஞ்சோ 10 மடங்கானது. மீன் வளர்ப்பவர்கள் பொதுவாகப் பாதுகாப்பு எல்லையாக எடுத்துக்கொள்வது லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் NH₃. முதல் நிலை அதற்கு உள்ளே, இரண்டாவது அதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். புதுத் தண்ணீர் கெட்ட தண்ணீர் இல்லை, அது pH-ஐ ஏற்றியதுதான் காரணம்.

தொட்டி இந்த நிலைக்கு எப்படி வந்தது என்றும் இரண்டு வரி எழுதலாம். அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அந்த வேலையில் H⁺ வெளியிடுகிறது. அது கார்பனேட் தாங்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். தாங்கல் தீர்ந்ததும் pH இறங்கும், இறங்கினால் அதே பாக்டீரியாவின் வேகம் குறையும், அமோனியா அமோனியமாகச் சேர்ந்துகொண்டே போகும். தாங்கல் இல்லாத அந்தப் பழைய தண்ணீரால் புதுத் தண்ணீரின் காரத்தன்மையை எதிர்த்து நிற்க முடியாது. அதனால்தான் pH ஒரேயடியாகத் தாவுகிறது.

தீர்வு கேட்டால்: சிறிய பங்காக, இடைவெளி விட்டு, pH-ஐ அளந்துகொண்டே மாற்ற வேண்டும். மொத்த அமோனியா இறங்கும் வரை pH ஏற்றும் எதையும் சேர்க்கக் கூடாது. தீவனத்தை நிறுத்திவைக்க வேண்டும். நான் எழுதியது இவ்வளவுதான்.

அப்புறம், துணைக் கேள்விகளில் வரக்கூடியவை:

- வெப்பநிலை: ஏறினால் pKa இறங்கும், NH₃ கூடும். pH 8-இல் 20 டிகிரியில் 3.8 சதவீதம், 30 டிகிரியில் 7.4 சதவீதம். 10 டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, pH-இன் விளைவோடு ஒப்பிட்டால் சிறியது.
- உப்பு நீர்: அதே pH, அதே வெப்பநிலையில் NH₃-இன் பங்கு நன்னீரைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் கடல்நீர்த் தொட்டி வழக்கமாக pH 8-க்கு மேல் இருப்பதால் அந்தச் சலுகை பயன்படாது.
- அலகு: அளவு நைட்ரஜன் கணக்கிலா, அமோனியா கணக்கிலா என்று பாருங்கள். நைட்ரஜன் கணக்கை 17/14-ஆல் பெருக்கினால் அமோனியா.
- NH₄⁺ முற்றிலும் தீங்கற்றது என்று எழுதாதீர்கள். NH₃-ஐவிட வெகுவாகக் குறைந்த நச்சு என்பதே சரி. குறைந்த pH-இல் அது நிறையச் சேரும்போது அதற்கும் பங்கு உண்டு.
- நாளின் எந்த நேரம் ஆபத்து: செடிகள் அடர்ந்த தொட்டியில் பிற்பகல். ஒளிச்சேர்க்கை கார்பன் டை ஆக்சைடை எடுத்துவிடுவதால் pH உச்சத்தில் இருக்கும். காலையில் அளந்து திருப்திப்பட்டால் போதாது.

கடைசியாகச் சோதனைக் கிட். சாலிசிலேட் முறையில் ஊற்றும் கரைசல் மாதிரியை வலுவான காரமாக்கிவிடும். அந்த pH-இல் அமோனியம் எல்லாமே NH₃ ஆகி வினைபுரிந்து பச்சை நிறம் தரும். ஆகவே கிட் காட்டுவது மொத்த அமோனியா. pH 6.5 தொட்டியும் pH 8.5 தொட்டியும் அதே பச்சையைக் காட்டலாம், ஆனால் NH₃ ஒன்றில் 0.18 சதவீதம், மற்றதில் 15 சதவீதம். 'இரண்டு தொட்டிகளும் சமமான ஆபத்தில் உள்ளனவா?' என்ற கேள்விக்கு இந்த இரண்டு எண்களையும் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.